முப்பதாயிரமா, இருபதாயிரமா: நாலு மணி நேரக் கரண்டுக்கு எந்த பவர் பேங்க்?

"அண்ணே, நாங்க ரங்கூன் தாம்வேயில இருக்கோம். எங்க தெருவுக்கு நாலு மணி நேரம் கரண்ட் வந்தா எட்டு மணி நேரம் இல்ல. வீட்டுல மூணு போன், ஒரு வைஃபை ரூட்டர். 30,000 பவர் பேங்க் ஒண்ணு எடுத்தா போதுமா? கூட எந்த சார்ஜர் வாங்கணும்? தை மாசம் பேங்காக் வழியா சென்னை போறோம், விமானத்துல விடுவாங்களா?"

தம்பி, 30,000 வேண்டாம். உங்கள் வீட்டுக்கு 10,000 அளவில் இரண்டு வாங்குங்கள். இரண்டும் 20 வாட் வேகத்தில் சார்ஜ் ஏறக்கூடியவையாக இருக்கட்டும். பெரியது ஒன்றை விட்டுச் சின்னது இரண்டை ஏன் சொல்கிறேன் என்பது கணக்கைப் பார்த்தால் புரியும். நான் பல வருஷமாக போன் பழுது பார்க்கிறவன். கடைக்கு வரும் பவர் பேங்க் புகார்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கைப் பார்க்காமல் வாங்கியதால் வந்தவைதான்.

பவர் பேங்க் மேல் பெரிதாக எழுதியிருக்கும் 10,000, 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் கொள்ளளவு, மில்லி ஆம்ப் அவர் கணக்கில். அந்த செல்லின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட். ஆனால் யுஎஸ்பி வழியாக வெளியே வருவது 5 வோல்ட் அல்லது 9 வோல்ட். வோல்ட் மாறினால் மில்லி ஆம்ப் அவர் எண்ணும் மாறிவிடும் என்பதால் அதை அப்படியே வைத்து ஒப்பிட முடியாது. வாட் அவருக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

10,000 × 3.7 ÷ 1000 = 37 வாட் அவர்
20,000 × 3.7 ÷ 1000 = 74 வாட் அவர்
30,000 × 3.7 ÷ 1000 = 111 வாட் அவர்

இதுவும் முழுசாகக் கைக்கு வராது. 3.7 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் சர்க்யூட் கொஞ்சத்தைச் சூடாக்கி வீணாக்கும். நல்ல பவர் பேங்க் நூற்றுக்கு 85 பங்கு வெளியே தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 10,000 தருவது சுமார் 31 வாட் அவர், 20,000 தருவது சுமார் 63. நேர்மையான கம்பெனிகள் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று இன்னொரு எண் போட்டிருக்கும். 10,000 பவர் பேங்கில் அது 5 வோல்ட்டுக்கு ஆறாயிரம் சொச்சம் இருந்தால் அது ஏமாற்று இல்லை, உண்மையைச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எண்ணே இல்லாத பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி உங்கள் வீட்டுத் தேவை. கரண்ட் இருக்கும்போது போன்களை நேராகச் சுவரில் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். எட்டு மணி நேர இருட்டில் ஒவ்வொரு போனும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 40 சதவீதம் செலவழிக்கும் என்று எடுப்போம். 5,000 அளவு பேட்டரி உள்ள போனில் மொத்தம் 19 வாட் அவர் சொச்சம் அடங்கும். அதில் 40 சதவீதம் 8. மூன்று போனுக்கு 24. சார்ஜ் ஏறும்போது போனுக்குள்ளேயே கொஞ்சம் வீணாவதையும் சேர்த்து 27 என்று வைப்போம். ரூட்டர் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்ப் என்று எழுதியிருந்தாலும் வீட்டு ரூட்டர் சாதாரணமாக ஆறு, ஏழு வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரமும் நெட் வேண்டியதில்லை, ஐந்து மணி நேரம் போதும் என்றால் 33 வாட் அவர். இரண்டும் சேர்ந்து 60. கொள்ளளவை மட்டும் பார்த்தால் 20,000 ஒன்றே சரிக்கட்டிவிடும்.

ஆனால் நம்ம ஊரில் கேள்வி அதோடு முடிவதில்லை. வெளியே போவதை விட, நாலு மணி நேரத்துக்குள் உள்ளே எவ்வளவு ஏறும் என்பதுதான் முக்கியம். வாங்குகிறவர்கள் பார்க்க மறக்கும் எண்ணும் இதுதான். 'அவுட்புட் 22.5 வாட்' என்று முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். 'இன்புட்' என்ற வரி பின்பக்கம் கடைசியில் இருக்கும். அதில் '5 வோல்ட் 2 ஆம்ப்' என்று மட்டும் இருந்தால் ஏறும் வேகம் 10 வாட்தான். நீங்கள் 65 வாட் சார்ஜரை மாட்டினாலும் அதற்கு மேல் ஒரு வாட் கூட ஏறாது, ஏனென்றால் எவ்வளவு வேண்டும் என்று கேட்பது பவர் பேங்க். கேட்டதைக் கொடுப்பதுதான் சார்ஜரின் வேலை.

உள்ளே ஏறும்போதும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். 30,000 பவர் பேங்கை நிரப்ப சார்ஜரிலிருந்து சுமார் 126 வாட் அவர் வர வேண்டும். 10 வாட் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். 18 வாட் வேகத்திலும் ஏழு மணி நேரம். உங்களுக்குக் கிடைப்பதோ நாலு. அந்த நாலு மணி நேரத்தில் 18 வாட்டில் ஏறுவது 63 வாட் அவர் அளவுதான், அதாவது 30,000 எப்போதும் 17,000 ஆகவே உங்கள் வீட்டில் இருக்கும். மீதிக்கு நீங்கள் கொடுத்த காசும் சுமக்கும் எடையும் வீண். 10,000 பவர் பேங்கை நிரப்ப 42 வாட் அவர் போதும். 20 வாட் ஏற்றினால் இரண்டு மணி நேரம், கடைசிப் பகுதி மெதுவாக ஏறும் என்பதால் இரண்டரை. கரண்ட் வந்து 'மீ லா பீ' என்று பிள்ளைகள் கத்தியதும் மாட்டினால், அடுத்த தடவை கரண்ட் போவதற்கு நேரம் மிச்சமிருக்க நிரம்பிவிடும். ஒருநாள் கரண்ட் மூன்று மணி நேரத்திலேயே போனாலும் கவலையில்லை.

அப்படியானால் 30 வாட் ஏறக்கூடிய 20,000 ஒன்று எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், அதுவும் மூன்றரை மணி நேரத்தில் நிரம்பும். ரூட்டர் இல்லாத வீட்டுக்கு அதைத்தான் நானே சொல்வேன். உங்களுக்குத் தடை ரூட்டர்தான். ஒரே பவர் பேங்கில் ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது ஓட்டையில் போனை மாட்டினால், பெரும்பாலானவை எல்லா ஓட்டைகளையும் ஒரு நொடி நிறுத்தி வோல்ட்டை மறுபடி பேசி முடிவு செய்யும். அந்த நொடியில் ரூட்டர் அணைந்து மறுபடி எழும், நெட் திரும்பி வர இரண்டு நிமிஷம் ஆகும். போனைக் கழற்றும்போதும் இதே கதை. பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது வீட்டில் சண்டை வர இது ஒன்று போதும். ரூட்டருக்கு ஒன்று, போன்களுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் பிரச்சினையே இல்லை. ரூட்டரை ஓட்டும் 10,000 சுமார் நாலரை முதல் ஐந்து மணி நேரம் தாங்கும். போனுக்கான 10,000 உங்கள் 27 வாட் அவர் தேவையைத் தாண்டிக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும்.

ரூட்டர் கேபிள் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள். இரண்டு வகைக் கேபிள் விற்கிறது. ஒன்று, பவர் பேங்கிடம் '12 வோல்ட் கொடு' என்று கேட்கும் வகை. பவர் டெலிவரி முறையில் கட்டாயமான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 என்பது கம்பெனி விருப்பப்பட்டால் வைப்பது. உங்கள் பவர் பேங்கின் அவுட்புட் வரியில் 12 வோல்ட் எழுதியில்லை என்றால் அந்தக் கேபிள் 9 வோல்ட்டில் நின்றுவிடும். ரூட்டர் விளக்கு எரியும், ஆனால் அடிக்கடி அணைந்து எழும். இன்னொரு வகை, கேபிள் நடுவில் ஒரு சின்னக் குமிழ் வைத்து 5 வோல்ட்டைத் தானே 12 ஆக உயர்த்துவது. இது எந்த பவர் பேங்கிலும் ஓடும், ஆனால் 12 வோல்ட்டில் அரை ஆம்ப், முக்கால் ஆம்ப் வரைதான் நம்பலாம். உங்கள் ரூட்டர் 6, 7 வாட் என்றால் இதுவே போதும். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று ஒருமுறை பாருங்கள். 9 வோல்ட் ரூட்டரில் 12 மாட்டினால் ரூட்டர் போய்விடலாம்.

வேகச் சார்ஜ் பெயர்கள் பலரையும் மிரட்டுகின்றன, உங்களுக்கு அதில் ஒன்றுதான் முக்கியம். பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி., டைப் சி ஓட்டையில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான முறை. பவர் பேங்க் உள்வாங்குவதும் இதே முறையில்தான் இருக்க வேண்டும். பி.டி.க்குள் பி.பி.எஸ். என்று ஒரு நீட்சி உண்டு. வோல்ட்டை 20 மில்லி வோல்ட் அளவுச் சின்னப் படிகளாக நகர்த்தி போனுக்குச் சூடு குறைவாக ஏற்றுவது அது. சாம்சங் போன்கள் 25 வாட் எடுக்க வேண்டுமானால் சார்ஜரில் பி.பி.எஸ். இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவை மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். ஓப்போ, விவோ, ரெட்மி போன்களின் 33, 44, 67 வாட் எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்தப் பேச்சு. அவர்களுடைய சார்ஜரும் அவர்களுடைய கேபிளும் சேர்ந்தால்தான் அந்த வேகம். வேறு சார்ஜரிலோ பவர் பேங்கிலோ மாட்டினால் பெரும்பாலும் 10 முதல் 18 வாட் வரைதான் ஏறும். சார்ஜரும் போனும் பேசிக்கொள்ளும் பொதுமொழி அவ்வளவுதான், கோளாறு எதுவும் இல்லை.

ஆகவே ரெட்மி, விவோ மாதிரி போன் இருந்தால் அதோடு வந்த சார்ஜரைத் தூக்கிப் போடாதீர்கள். கரண்ட் இருக்கும் நாலு மணி நேரத்தில் அவற்றைச் சுவரில் போட்டு வேகமாக நிரப்பிக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத எட்டு மணி நேரத்தில் போனுக்கு 10 வாட்டில் ஏறினால் என்ன குறைந்துவிடும்? அவசரமே இல்லையே. பவர் பேங்க் உள்வாங்கும் வேகத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும், வெளியே கொடுக்கும் வேகத்துக்கு இல்லை. கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்லி விற்பார்.

புதிதாக வாங்க வேண்டிய சார்ஜர் ஒன்றே ஒன்று: டைப் சி ஓட்டை இரண்டு உள்ள, பி.டி.யும் பி.பி.எஸ்.ஸும் உள்ள 45 வாட் சார்ஜர். இரண்டு பவர் பேங்கையும் ஒரே நேரத்தில் போடலாம். அதன் உடம்பில் இரண்டு ஓட்டையும் சேர்ந்து ஓடும்போது எப்படிப் பிரியும் என்று எழுதியிருக்கும். 20 கூட்டல் 20 அல்லது 25 கூட்டல் 20 என்றால் சரி. சிலவற்றில் இரண்டாவதை மாட்டியதும் இரண்டும் சேர்ந்து 5 வோல்ட் 3 ஆம்ப் ஆகிவிடும். அது 15 வாட், ஒவ்வொன்றுக்கும் ஏழரை. அந்த வகையை எடுத்துவிட்டு பவர் பேங்க் நிரம்பவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. கேபிளைப் பொறுத்தவரை 60 வாட் வரை எந்த ஒழுங்கான டைப் சி கேபிளும் தாங்கும். இரண்டு பக்கமும் டைப் சியாக இருந்தால் போதும்.

நம்ம ஊர்க் கரண்டுக்கு சார்ஜர் எப்படித் தாங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருப்பது உண்மைதான். கரண்ட் மங்கி 150 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அது தன்னைச் சரிசெய்துகொண்டு ஓடும், கெடாது. கெடுப்பது ஏற்றம். உள்ளே முதல் வரிசையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பொதுவாக 400 வோல்ட் தாங்கக்கூடியது. 230 வோல்ட் கரண்டின் உச்சம் 325 வோல்ட், அதுவரை நிம்மதி. கரண்ட் திரும்பி வரும் வேளையிலோ ஜெனரேட்டர் தடுமாறும்போதோ 280 வோல்ட்டுக்கு மேல் போனால் உச்சம் 400ஐத் தொட்டுவிடும். கெப்பாசிட்டர் உப்பி 'டப்' என்று போவது அப்போதுதான். கரண்ட் வந்ததும் ஐந்து நிமிஷம் பொறுத்து மாட்டுங்கள். வீட்டில் வோல்ட் ஏற்றத்திலிருந்து காக்கும் சேஃப்கார்டு இருந்தால் சார்ஜரை அதன் வழியாகவே போடுங்கள். மலிவுச் சார்ஜர்களில் இதை விட மோசமான ஒன்று உண்டு. 230 வோல்ட் பக்கத்தையும் போன் பக்கத்தையும் பிரிக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும். அது உடைந்தால் வீட்டுக் கரண்ட் நேரே கேபிளுக்கு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, சான்று முத்திரை தேவைப்படுவது இதற்காகத்தான்.

முத்திரைகளில் சி.இ. என்பதைத் தனியாக நம்பாதீர்கள். இந்தப் பொருள்களுக்குத் தயாரிப்பாளர் தானே சோதித்துத் தானே போட்டுக்கொள்ளக்கூடியது அது. நமக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் சீனச் சரக்கு. சீனாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் பவர் பேங்குக்கு 3சி முத்திரை கட்டாயம். 2025 ஜூன் 28 முதல் அந்த முத்திரை இல்லாத பவர் பேங்கை அங்கே உள்நாட்டு விமானத்தில் ஏற்றக்கூட விடுவதில்லை. மூன்று சி எழுத்தும் பவர் பேங்க் உடம்பிலேயே அச்சாகியிருக்க வேண்டும், அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தால் கணக்கில்லை. சென்னையிலிருந்து யாராவது வாங்கி வருவதானால் இந்தியாவின் பி.ஐ.எஸ். முத்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கியது என்று காட்டும். காட்டும் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் சென்னைப் பயணத்தில் சார்ஜரை அங்கேயே வாங்கிக்கொள்வது நல்ல யோசனை.

முத்திரை இருந்தும் தவறு நடக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. 2025 ஜூனில் ரோமாஸ் நிறுவனம் சீனாவில் 4,91,745 பவர் பேங்குகளைத் திரும்ப அழைத்தது. அதே மாதம் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது. இரண்டும் பெயரெடுத்த நிறுவனங்கள். உள்ளிருந்த செல் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. எந்தப் பிராண்டாக இருந்தாலும் பின்பக்க மாடல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் ஒருமுறை தேடிவிட்டு வாங்குங்கள். ஆங்கரின் அந்த மாடல் A1263. ஒரு நாட்டில் திரும்ப அழைத்த சரக்கு இன்னொரு நாட்டுக் கடையில் தங்கியிருப்பது நடக்கக்கூடியது.

போலிக்கு இன்னொரு சோதனை உண்டு, அது தராசு. வழக்கமான 18650 வகை உருளை செல் ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும், அதில் நல்லதே 3,500 அளவுதான் கொள்ளும். ஆகவே 10,000க்கு மூன்று செல் வேண்டும், உறை எல்லாம் சேர்த்து 180 முதல் 230 கிராம் வரும். தட்டை செல் என்றாலும் எடை அதே சுற்றில்தான் இருக்கும். 30,000க்கு உருளை செல் ஒன்பது வேண்டும், செல் மட்டுமே 400 கிராமைத் தாண்டும். போன வருஷம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் '30,000' ஒன்றை நல்ல விலையில் கிடைத்ததாக எடுத்து வந்தார். தராசில் 260 கிராம். யுஎஸ்பி மீட்டரை வைத்து 5 வோல்ட்டில் முழுக்க இறக்கிப் பார்த்தேன். வெளியே வந்தது 18 வாட் அவர். 18ஐ 0.85ஆல் வகுத்தால் உள்ளே 21, அதாவது 5,700 மில்லி ஆம்ப் அவர். அவர் சொன்னபடி திறந்தபோது நாலு பழைய செல், மேலே புது உறை. பழைய லேப்டாப்பில் கழற்றியவை என்று சாலிடர் தழும்பே காட்டியது. அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறார், அதுதான் எனக்கு இன்றும் மனசை உறுத்துகிறது. நீங்களாகத் திறக்காதீர்கள், செல்லில் ஸ்க்ரூ டிரைவர் பட்டால் கையிலேயே பற்றிக்கொள்ளும். எடையே போதுமான சாட்சி.

சித்திரை வெயிலில் ரங்கூன் தகர வீட்டுக்குள் சூடு 40 டிகிரிக்குப் பக்கம் போகும். லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக்கூடிய எல்லை 45 டிகிரி. ஏறும்போது அது தானாகவும் சூடாகும் என்பதால் அந்த மாதங்களில் இடைவெளி மிகச் சிறியது. டைல்ஸ் தரையில் வைத்து ஏற்றுங்கள், மெத்தையில் வேண்டாம். பவர் பேங்க் சார்ஜில் இருக்கும்போதே அதிலிருந்து போனுக்கும் ஏற்றாதீர்கள், இரண்டு வேலையின் சூடும் ஒன்றாகச் சேரும். உறையின் விளிம்பு லேசாகப் பிளந்திருந்தாலோ மேஜையில் வைக்கும்போது ஆடினாலோ உள்ளே செல் உப்பியிருக்கிறது. அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

விமானத்துக்கு வருகிறேன். 100 வாட் அவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம், 100க்கும் 160க்கும் நடுவில் இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும், அதற்கு மேல் கூடவே கூடாது. உங்கள் 30,000 என்பது 111 வாட் அவர் என்பதால் முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் போயிருந்தால் கவுண்டரிலேயே தடைப்பட்டிருக்கும். 37 வாட் அவர் உள்ள இரண்டும் தாராளமாகப் போகும். ஒருபோதும் லக்கேஜில் போடாதீர்கள். தாய் ஏர்வேஸ் 2025 மார்ச் 15 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையும் சார்ஜ் செய்வதையும் தடுத்திருக்கிறது, ஆகவே போனைப் புறப்படும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் பின்பக்க எழுத்து அழிந்திருந்தால் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அளவைப் படிக்க முடியாததை அவர்கள் ஏற்பதில்லை. வாங்கிய அன்றே அந்த எழுத்தின் மேல் ஒரு துண்டு ஒளிபுகும் டேப்பை ஒட்டிவிடுங்கள், நம்ம ஊர் வேர்வையில் அந்த மை சீக்கிரம் தேய்ந்துபோகும்.